முகில் மேல் விழும் பழி

மன்னார்த் தீவில் ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் காற்றும் மணலுமாகவே கழிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி இறங்கிப் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் மேலே ஆகாயம் மப்பும் மந்தாரமுமாக மூடிக்கொள்ளும் வேளையில், வீட்டுக் கூரைகளிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் பொருத்தப்பட்டுள்ள செய்மதி அலைவாங்கிகளைப் பற்றி ஒரே முறைப்பாடு எழுவதைக் கேட்கலாம்: “மப்புப் போட்டால் இணையம் போய்விடுகிறது.” இது பிரத்தியட்சமாகக் கண்டதைச் சொல்லும் வாக்கியம், ஆனால் இதில் அடங்கியிருக்கும் அனுமானம் பெரும்பாலும் பிழையானது. தொடர்பு அறுந்த நேரத்தில் முகில் இருந்தது உண்மை. அறுத்தது முகில்தானா என்பது வேறு விஷயம். அதைத் தீர்மானிப்பதற்கு, தொடர்பு எப்போது போயிற்று என்பதைவிட, போன தொடர்பு எவ்விதம் திரும்பி வந்தது என்பதைக் கவனிப்பதே சிறந்த உபாயம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் முகிலின் வழக்கை எடுத்துக்கொள்வோம். வீடுகளுக்கு வரும் செய்மதி இணையம் பெரும்பாலும் 11 முதல் 14 கிகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் பயணம் செய்கிறது. அந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டேமுக்கால் சென்றிமீற்றர். முகில் என்பது மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவேயான நுண்துளிகளின் கூட்டமாதலால், எவ்வளவு கறுத்துத் தடித்துத் தோன்றினாலும், இவ்வலைகளிலிருந்து அது பறித்துக்கொள்வது ஒரு டெசிபெல்லின் சிறு பின்னமே. அதே நீர், துளிகளாகத் திரண்டு மழையாக இறங்கத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதத்தில் கொட்டும் மழையில் 12 கிகாஹேட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய இரண்டரை டெசிபெல்லை இழக்கிறது. மழை இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பையும் தாண்டி ஐந்தரை அளவுக்கு ஏறுகிறது. மூன்று டெசிபெல் இழப்பு என்றால் சக்தியில் பாதி போயிற்று என்று பொருள். வெப்பவலயத்தில் மழைத்துளிகள் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் உயரத்திலிருந்தே நீராக இறங்குவதால், அலை கடக்க வேண்டிய மழையின் நீளமும் அற்பமானதன்று.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தலைக்கு மேலேயுள்ள செய்மதியை நோக்கினால் அந்த ஐந்து கிலோமீற்றரைக் கடந்தால் போதும். அடிவானிலிருந்து 30 பாகை உயரத்திலுள்ள செய்மதியை நோக்கினாலோ, மழை உலாவக்கூடிய அடுக்குக்குள் அலை பத்துக் கிலோமீற்றர் சாய்வாகச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டு முற்றத்தில் ஒரு துளியும் விழாதிருக்க, வடக்கே பாக்கு விரிகுடாவின் மேல் நாலைந்து கிலோமீற்றர் தொலைவில் கடலைத் தொட்டு நிற்கும் ஒரு மழைத்திரை இணையத்தை அறுத்துவிட முடியும். “மழையே இல்லை, மப்பு மாத்திரந்தான்” என்று ஒருவர் சத்தியம் செய்து சொல்வதில் பொய் இல்லை; மழை அவருடைய வீட்டின் மேல் இல்லை, அவருடைய அலையின் பாதையில் இருக்கிறது. மழை அந்தப் பாதையை விட்டு விலகிய கணத்தில் தொடர்பும் மீண்டுவிடும். மழையினால் மாத்திரம் நேரும் அறுப்புக்கு அதுவே அடையாளம்.

அந்தப் பாதை எத்திசையில் செல்கிறது என்று கேட்டால், மன்னாரின் விசேஷமான நிலைமை வெளிப்படுகிறது. 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் இதழில் ஆதர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படும் செய்மதி பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அதை அஞ்சல் நிலையமாகப் பயன்படுத்தலாம் என்றும் அதில் விளக்கினார். பின்னாளில் இலங்கையையே தம் இல்லமாக்கிக்கொண்ட அவருடைய கொழும்பு வீட்டில், 1975ஆம் ஆண்டு இந்தியப் பொறியியலாளர்கள் ஒரு பெரிய கிண்ண அலைவாங்கியை நிறுவி, இந்தியாவின் செய்மதிக் கல்வி ஒளிபரப்பை அவர் பார்க்கும்படி செய்தனர். இன்று அத்தகைய நிலைத்த செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. மன்னார் 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், அந்த வரிசை கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வில்லைப் போல எழுந்து, நடுவானில் உச்சிக்குத் தெற்கே பத்தரைப் பாகை மாத்திரம் விலகிச் செல்கிறது. லண்டனில் இருப்பவர் தென் அடிவானை நோக்கித் தம் கிண்ணத்தைக் குனிய வைக்கிறார். மன்னாரில் இருப்பவர் அதை ஏறக்குறைய உச்சியைப் பார்த்து நிமிர்த்தி வைக்கிறார்.

2025 ஜூலை 2ஆம் திகதி இலங்கையில் ஆரம்பமான ஸ்டார்லிங்க் சேவையோ இதற்கு முற்றிலும் வேறான வகை. அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டேயிருப்பவை. ஓடும் செய்மதி எதுவும், நிலைத்த செய்மதிகளின் வரிசைக்கு நேர்முன்னே நின்று அதே மீடிறனில் பேசினால், அந்த வரிசையை நோக்கியிருக்கும் கிண்ணங்களுக்கு இடைஞ்சல் உண்டாகும். ஆகையால் அந்த வில்லின் இருமருங்கிலும் ஏறத்தாழ 18 பாகை அகலமான ஒரு பட்டையை விலக்கி வைத்து, அதற்கு வெளியேயுள்ள செய்மதிகளையே பயன்படுத்துவது அதன் நடைமுறையாக இருந்து வந்திருக்கிறது. மன்னாரில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நடுவானில், உச்சிக்கு வடக்கே ஏழரைப் பாகையிலிருந்து தெற்கே இருபத்தெட்டரைப் பாகை வரை விலக்கப்பட்ட பகுதி. அதாவது மழையைக் குறைவாகவும் மரத்தை அரிதாகவும் சந்திக்கும் நடு ஆகாயமே பெரும்பாலும் பயன்படாமற் போகிறது. எஞ்சுவது வடக்கே ஒரு பெரிய துண்டும், தெற்கே தாழ்வான ஒரு சிறு துண்டும். கூரைக்கு நேர்மேலே வானம் திறந்திருப்பதைக் காட்டி, “தடை எதுவும் இல்லையே” என்று வாதிடுவோர் இந்த ஒரு காரணத்தினாலேயே ஏமாறுகிறார்கள். இத்தீவில் ஸ்டார்லிங்கின் தகட்டு அலைவாங்கிக்கு முதலாவதாக வேண்டியது வடக்கு வானம்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்து, இலக்கங்களோடு பின்தொடர்வோம். பேசாலையில் ஒரு வள்ளச் சொந்தக்காரரின் வீடு. நாலு மீற்றர் உயரமான கூரையின் மேல் தகட்டு அலைவாங்கி. அதற்கு நேர்வடக்கே பதினைந்து மீற்றர் தூரத்தில் இருபது மீற்றர் உயரமான ஒற்றைப் பனை. அலைவாங்கியிலிருந்து பார்த்தால் பனையின் தலை பதினாறு மீற்றர் உயர்ந்து நிற்கிறது. பதினாறைப் பதினைந்தால் வகுத்து வரும் தான்சனுக்குரிய ஏற்றக்கோணம் ஏறத்தாழ 47 பாகை. மூன்று மீற்றர் அகலமான ஓலைக்கொண்டை அத்தூரத்திலிருந்து எட்டுப் பாகை அகலத்துக்கு வானத்தை மறைக்கும். வினாடிக்கு 7.6 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் செய்மதி அந்த உயரத்தில் வினாடிக்குச் சுமார் 0.6 பாகை நகர்வதாகத் தெரியுமாதலால், கொண்டையின் பின்னே அது மறைந்திருப்பது பதின்மூன்று வினாடி அளவே. வீட்டிலுள்ளவர் அனுபவிப்பதும் அதுதான்: தொலைபேசிப் பேச்சு பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்கு உறைந்து நின்று, பின்பு ஒன்றுமே நடவாததுபோலத் தொடர்கிறது, சில நிமிடங்களில் மறுபடியும் அவ்வாறே. மழை இவ்வளவு சுருக்கமாகப் பெய்து ஓய்வதில்லை.

இந்தச் சேவையில் எந்த வீட்டுக்கு எந்தச் செய்மதி என்பது பதினைந்து வினாடிக்கு ஒருமுறை மாற்றி ஒதுக்கப்படுகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு நிமிடத்திலும் 12, 27, 42, 57 ஆகிய வினாடிகளில் நிகழ்வதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே லினக்ஸ் கணினி உள்ளவர் இரண்டு சாளரங்களில் பின்வரும் கட்டளைகளை ஓடவிட்டு, பதில் வராத வினாடிகளைக் குறித்து வைக்கலாம்:

```
ping -D -O 192.168.100.1
ping -D -O 8.8.8.8
```

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் நேர இலக்கத்தை 60ஆல் வகுத்த மீதியே அந்த நிமிடத்தின் வினாடி. முதலாவது, கூரையிலுள்ள அலைவாங்கியோடு மாத்திரம் பேசுவது. இரண்டாவது, செய்மதி வழியாக வெளியுலகம் சென்று திரும்புவது. முதலாவதே அறுந்தால் குற்றம் கம்பியிலோ மின்சாரத்திலோ வீட்டுக்குள்ளான இணைப்பிலோ இருக்கிறது. வானத்தைக் குறை சொல்ல நியாயமில்லை. இரண்டாவது மாத்திரம் அறுந்து, அந்த அறுப்புகள் சில வினாடிகளே நீடித்து, மேற்சொன்ன எல்லைகளில் முடிந்தால், மறைப்பைத் தேட வேண்டும். இரண்டுமே அறாமல் பதில் மாத்திரம் தாமதித்தால், அதுவும் இரவு ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் நாள்தோறும் அப்படியாயின், அது பாவனையாளர் நெருக்கடி. அதற்குக் கூரையில் பரிகாரம் கிடையாது.

பேசாலைப் பனைக்குத் திரும்புவோம். அது நாள் முழுதும் ஒரேவிதமாக மறைப்பதில்லை. பிற்பகலில் காற்று வலுக்கும்போது கொண்டை ஆடி, முன்பு திறந்திருந்த வானத்துக்குள்ளும் புகுகிறது. மழையில் நனைந்த ஓலை, காய்ந்த ஓலையைவிட அதிகமாக அலையை உறிஞ்சுகிறது. குறிப்பிட்ட மணியில் வரும் கோளாறும் மப்பில் வரும் கோளாறும் ஒரே மரத்திலிருந்தே பிறக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. ஸ்டார்லிங்க் செயலியில் உள்ள தடைகாணும் பகுதியைத் திறந்து, கைப்பேசியை அலைவாங்கி இருக்கும் இடத்திலேயே பிடித்து வானத்தைச் சுற்றிக் காட்டிப் படம் எடுக்கலாம். முற்றத்தில் நின்று எடுத்த படம் கூரைக்குப் பொருந்தாது. அதைவிட நம்பத்தக்கது, அலைவாங்கி தானே அரைநாள் அளவு உழைத்து வரைந்து தரும் வானப்படம். சிவந்து தெரியும் திசையே மறைப்பின் திசை.

பரிகாரம் என்ன? மக்கள் முதலில் நினைப்பது கம்பத்தை உயர்த்துவது. மூன்று மீற்றர் உயர்த்தினாலும் பனைத்தலை 41 பாகையில்தான் நிற்கும். செலவும் காற்றின் ஆட்டமும் கூடியதே மிச்சம். அதற்குப் பதிலாக, அதே உயரத்தில் இருபது மீற்றர் தெற்கே நகர்த்தினால் தூரம் முப்பத்தைந்து மீற்றராகி, ஏற்றக்கோணம் 25 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அலைவாங்கி வழக்கமாகச் செய்மதியைத் தேடும் எல்லையும் அந்த 25 பாகைதான். பனை நின்றபடியே நிற்கலாம். பெட்டியோடு வரும் கம்பி பதினைந்து மீற்றரே என்பதால் நீண்ட கம்பி தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதை வாங்குவதே புத்தி. இடையில் வெட்டி ஒட்டிய கம்பி உப்புக்காற்றில் ஒரு மாரியைக்கூடத் தாங்குவதில்லை. தீவின் காற்றாலைகளைப் பற்றியும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். தம்பபவனி நிலையத்தின் கோபுரங்கள் இறக்கை நுனி வரை சுமார் 150 மீற்றர் உயரமானவை. அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு அவை 17 பாகையையும் எட்டா, அவற்றை விட்டுவிடலாம்.

இனி நீரின் விஷயம். அலைவாங்கியின் மேல் தேங்கும் நீர் மழையின் தொடர்ச்சியைப் போலத் தோன்றினாலும் தனிக் குற்றவாளி. 1993இல் ஏவப்பட்ட ‘ஆக்ட்ஸ்’ என்னும் அமெரிக்கச் செய்மதியைக் கொண்டு மழையிழப்பை அளக்க முற்பட்ட ஆய்வாளர்கள், தாம் அளந்த இழப்பில் கணிசமான பங்கு ஆகாயத்தில் நேர்ந்ததன்று, நனைந்த அலைவாங்கியில் நேர்ந்தது என்று கண்டுகொண்டார்கள். மில்லிமீற்றரின் சிறு பங்கு தடிப்புள்ள நீர்ப்படலமே போதும். புதிய தகட்டின் முகத்தில் மழை விழும்போது அருகில் சென்று பாருங்கள்: தாமரை இலையில் போலத் துளிகள் தனித்தனியே திரண்டு வழுக்கி ஓடுகின்றன, துளிகளுக்கிடையே உலர்ந்த வெளி நிறைய இருக்கிறது. சோழகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடலுப்பும் நுண்மணலும் படிந்த தகட்டிலோ அதே மழை துளியாகத் திரள்வதில்லை. பரவி, முகம் முழுவதையும் மூடும் ஒரே படலமாகிவிடுகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அது காயவும் தாமதிக்கிறது. மழை விட்டு, வானம் வெளுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே இணையம் மெல்லத் தெளிகிறது என்றால், இந்தப் படலத்தின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். அதைச் சோதிப்பது எளிது: வெயில் காயும் ஒரு நாளில், இணையம் நன்றாக ஓடும்போது, ஒரு குவளை நல்ல தண்ணீரை முகத்தின் மேல் சீராக ஊற்றிப் பாருங்கள். நீர் பரவி நின்று வேகம் சரிந்தால் காரணம் கையிலே அகப்பட்டது. மென்மையான துணியாலும் நல்ல தண்ணீராலும் கழுவித் துடைத்தபின் மறுபடி ஊற்றினால் வித்தியாசம் தெரியும். கிணற்று நீர் உவரானால் அதை உபயோகிக்கக் கூடாது, கரைப்பான்களும் கூடா.

தகட்டைக் கூரையில் முற்றாகப் படுக்கையாக வைப்பதும் இத்தீவில் காணப்படும் தவறு. ஆகாயத்தைத்தானே பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தால் அப்படிச் செய்கிறார்கள். படுக்கையாகப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட தகட்டுக்குக்கூட அதன் உற்பத்தியாளர் எட்டுப் பாகைச் சரிவு கொடுத்திருக்கிறார். நீர் வழிந்தோடுவதற்கு அந்தச் சரிவு அவசியம். எப்பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்பதைச் செயலியின் சீரமைப்புப் பகுதி காட்டும்; இத்தகடு மின்னணு முறையில் தன் கதிரைத் தானே திருப்புவதால், ஓரிரு பாகை பிசகு அதற்குப் பெரிதன்று.

நிலைத்த செய்மதியை நோக்கும் கிண்ணத்துக்கோ அந்தச் சலுகை இல்லை. 1.2 மீற்றர் கிண்ணத்தின் கதிர் அகலம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகையே. அரைப்பாகை விலகினால் ஒன்றரை டெசிபெல் போய்விடும். துருப்பிடித்துத் தளர்ந்த ஓர் ஆணியும் ஒரு சோழகமும் அதற்குப் போதும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், தெளிந்த வானில் அந்த இழப்பு வெளியே தெரிவதேயில்லை. மழைக்கென்று ஒதுக்கி வைத்த உபரிச் சக்தியை அது இரகசியமாகத் தின்றுவிடுகிறது. பின்பு தூறலுக்கே தொடர்பு அறும்போது பழி தூறலின் மேல் விழுகிறது. முன்பு பெருமழையைத் தாங்கிய கிண்ணம் இப்போது சிறுதூறலுக்குத் தோற்றால், வானத்தைப் பார்ப்பதை விட்டுக் கம்பத்தில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்க்க வேண்டும். மழை நின்று மணிக்கணக்காகியும் மீளாமல், மறுநாள் வெயில் ஏறியபின் மீளும் தொடர்போ, கம்பி இணைப்பிலோ ஊட்டுக்குழலின் வெடித்த மூடிக்குள்ளோ நீர் புகுந்ததைச் சொல்கிறது.

நிலைத்த செய்மதிக்குரிய இன்னொரு வேளைக் கோளாறும் உண்டு. அது சூரியனால் வருவது. ஆண்டில் இருமுறை சூரியன், இங்கிருந்து பார்க்கும்போது, செய்மதிக்கு நேர்பின்னால் வந்து நின்று தன் வானொலி இரைச்சலால் அதன் மெல்லிய குரலை மூழ்கடிக்கிறது. மன்னாருக்கு அது மார்ச் 16, 17ஆம் திகதிகளையும் செப்டெம்பர் 27ஆம் திகதியையும் ஒட்டிய சில நாட்களில், நாளுக்குச் சில நிமிடம் நிகழும். 83 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுச் செய்மதியானால் நேரம் மார்ச்சில் நண்பகல் பன்னிரண்டு மணி அளவு. செப்டெம்பரில் கால் மணி முன்னதாக. எந்தப் பழுதும் இல்லை. எதையும் திருப்பத் தேவையில்லை. ஆயினும் அந்த நிமிடங்களில் கிண்ணத்தைப் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. செய்மதியிலிருந்து அலை வரும் அதே நேர்கோட்டில் அப்போது வெயிலும் வருகிறது. ஓலையின் நிழலோ சுவரின் நிழலோ கிண்ணத்தின் மேல் விழுந்தால், அதுவே அலையையும் மறைக்கிறது. எந்தக் கருவியும் இவ்வளவு நேர்மையாகத் தடையைக் காட்டாது.

ஆதலால் மன்னாரிலுள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டெம்பர் முடிவில், மாரிக்கு முன்னால், காற்று தணிந்த ஒரு காலையில் கூரைக்கு ஏறுங்கள். தகட்டைக் கழுவுங்கள், ஆணிகளை இறுக்குங்கள், தெளிந்த வானில் மோடம் காட்டும் சமிக்ஞை அளவைத் திகதியோடு சுவரில் எழுதி வையுங்கள். மழை தொடங்கிய பின் இடிமுழக்கத்தின் நடுவே ஏற வேண்டாம். அப்போது தொடர்பு அறுந்தால் மணிக்கூட்டைப் பார்த்து, போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; திருத்த வருபவரிடம் “மப்புப் போட்டால் போகிறது” என்று சொல்வதற்குப் பதிலாக அந்தத் தாளைக் கொடுங்கள்.